20.6, 19.7, 18.4: முதலாம் ஆண்டு லேபில் ஒரு பக்கத்தை வைத்து நடந்த வரவேற்புப் பேச்சு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கும் ஒரு கல்லூரி. வேதியியல் முதலாம் ஆண்டில் சிலர் தமிழ் மீடியத்தில் பள்ளி முடித்தவர்கள், சிலர் மலையாள மீடியம். வீட்டில் பேசுவது பெரும்பாலும் தமிழ். லேபைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியையை, கேரளத்து வழக்கப்படி, எல்லோரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். புது பேட்ச் லேபுக்குள் வரும் முதல் நாளில் அவர் பேசிய பேச்சைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

வழக்கமாக இந்தப் பேச்சு விதிகளின் பட்டியலாக இருக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் தாளை ஒருவர் படிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் எதுவும் நினைவிருக்காது. இந்த டீச்சர் பட்டியலைக் கையில் எடுக்கவில்லை. முந்தைய பேட்ச் மாணவர்கள் இருவர் சேர்ந்து எழுதிய அப்சர்வேஷன் நோட்டின் ஒரே ஒரு பக்கத்தை, பெயரையும் பின்னால் சேர்த்து எழுதியவற்றையும் மறைத்து, நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ டைட்ரேஷனில் கண்டுபிடிக்கும் சோதனை அது. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலை, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து, தண்ணீரின் நிறம் சிவப்பிலிருந்து நீலமாகும் வரை சொட்டுவிட்டு, எவ்வளவு செலவானது என்று பார்ப்பார்கள். பக்கம் அழகாக இல்லை. இரண்டு இடத்தில் அடித்தல், ஓரத்தில் ஒரு கறை. மூன்று முறை செய்த டைட்ரேஷனில் மூன்று விடை.

சோதனை இந்த ஊருக்குப் பொருத்தமானது. மேற்குப் பாலக்காட்டில் பெய்யும் மழை இந்தக் கிழக்கு ஓரத்தில் பெய்வதில்லை. ஆழமான போர்வெல்தான் பல வீடுகளுக்குத் தண்ணீர். கடினத் தண்ணீர் என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, வீட்டில் சோப்பு நுரைக்காமல் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் IS 10500:2012, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை அனுமதிக்கிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்டால் கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 50 மி.லி. தண்ணீரை எடுத்து, 0.01 மோலார் ஈடிடிஏ கரைசலால் டைட்ரேட் செய்தால், செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கடினத்தன்மைக்குச் சமம். கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டுச் சொல்வது வழக்கம்.

பக்கத்தில் இருந்த அட்டவணை இது:

| | முதல் பிளாஸ்க் | இரண்டாவது | மூன்றாவது |
|---|---|---|---|
| பஃபர் ஊற்றிய நேரம் | 10.15 | 10.15 | 10.15 |
| டைட்ரேஷன் தொடங்கிய நேரம் | 10.18 | 10.27 | 10.41 |
| பியூரெட் தொடக்க அளவு (மி.லி.) | 0.0 | 20.6 | 0.2 |
| பியூரெட் இறுதி அளவு (மி.லி.) | 20.6 | 40.3 | 18.6 |
| செலவு (மி.லி.) | 20.6 | 19.7 | 18.4 |
| பார்த்தது | தெளிவான நீலம் | நீலம் மெதுவாக வந்தது | லேசாகக் கலங்கல்; நீலமாகி, அரை நிமிடத்தில் மறுபடி சிவப்பு |

"இதுல எது சரியான விடை?" என்று டீச்சர் கேட்டார். முன் வரிசையில் ஒரு பையன் சராசரி எடுக்கலாம் என்றான். சராசரி 19.57, கடினத்தன்மை 391. இன்னொரு பெண், நடுவில் இருப்பதை எடுக்கலாம் என்றாள். பின்னாலிருந்து ஒருவன், மெதுவாகத்தான், ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "டீச்சர், மூணையும் 20.6-ன்னு எழுதிட்டா முடிஞ்சுதுங்களே." யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் மனதிலும் இருந்தது அதுதான். பள்ளிப் பிராக்டிகலில் மூன்று அளவும் ஒத்துவந்தால்தான் மார்க் என்று பழகியவர்கள் இவர்கள்.

டீச்சர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "சரிங்க தம்பி, அப்படியே எழுதிட்டோம்னு வெச்சுக்குவோம். இப்ப இந்த அட்டவணையில என்ன காணாமப் போகும், சொல்லுங்க," என்றார். அதற்கு மேல் பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனது.

அளவு ஏன் இறங்கிக்கொண்டே போனது?

முதலில் சந்தேகம் பியூரெட் மேல் போனது. மூன்றாவது டைட்ரேஷனுக்கு முன் பியூரெட்டை மறுபடி நிரப்பியிருக்கிறார்கள். தொடக்க அளவு 0.2 என்று இருப்பதே அதற்குச் சாட்சி. நிரப்பும்போது வேறு பாட்டிலிலிருந்து ஊற்றிவிட்டார்களோ? இருக்கலாம். ஆனால் இரண்டாவது டைட்ரேஷன் 20.6-லிருந்து 40.3 வரை, நிரப்பாமல், அதே கரைசலில் நடந்தது. அங்கேயே 0.9 மி.லி. குறைந்துவிட்டது. ஆகவே நிரப்பியதைக் காரணமாகச் சொல்ல முடியாது. தொடக்கம், இறுதி இரண்டையும் எழுதாமல் செலவான அளவை மட்டும் எழுதியிருந்தால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

அடுத்து பியூரெட் முனையில் காற்றுக் குமிழி. முதல் முறை செய்பவர்களிடம் இது அடிக்கடி நடக்கும். குழாய்க்குக் கீழே ஒரு குமிழி ஒட்டியிருக்கும், நடுவில் அது வெளியேறும்போது அந்த இடத்தைக் கரைசல் நிரப்பும். பிளாஸ்கில் விழாத கரைசலையும் செலவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். அதாவது குமிழி செலவைக் கூட்டிக் காட்டும். இங்கே செலவு குறைகிறது. முதல் முறை குமிழி வெளியேறியிருந்தாலும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மறுபடி 1.3 மி.லி. குறைந்ததை அது விளக்காது.

மூன்றாவது, பியூரெட்டின் வாயில் விட்டுவைத்த புனல். நிரப்பியபின் புனலை எடுக்காமல் விட்டால் அதன் காம்பிலிருந்து துளிகள் பியூரெட்டுக்குள் சொட்டும், கரைசல் மட்டம் உயரும், செலவு குறைந்ததாகத் தோன்றும். திசை சரியாக இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று துளி என்றால் 0.1 அல்லது 0.15 மி.லி. இங்கே முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் 2.2 மி.லி. ஒரு புனலால் அவ்வளவு முடியாது.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தபோது ஒரு பெண் நேரம் எழுதிய வரியைக் கவனித்தாள். மூன்று பிளாஸ்கிலும் பஃபரை 10.15-க்கே ஊற்றிவிட்டார்கள். முதலாவது மூன்று நிமிடம் காத்திருந்தது, இரண்டாவது பன்னிரண்டு, மூன்றாவது இருபத்தாறு. காத்திருக்கக் காத்திருக்கச் செலவு குறைந்திருக்கிறது. நேரத்தை எழுத வேண்டும் என்று மேனுவலில் சொல்லவில்லை. அந்த இரண்டு மாணவர்களில் ஒருவர், கைக்கடிகாரத்தைப் பார்த்து, தானாக எழுதியது அது.

காரணம் இதுதான். பஃபர் என்பது அம்மோனியாவும் அம்மோனியம் குளோரைடும் சேர்ந்த கரைசல். தண்ணீரின் பி.எச். மதிப்பை 10-க்கு உயர்த்துவது அதன் வேலை, இன்டிகேட்டரின் நிறமாற்றம் அங்கேதான் கூர்மையாகத் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் கால்சியத்தோடு பைகார்பனேட்டும் நிறைய உண்டு. பி.எச். 10-க்குப் போனதும் பைகார்பனேட்டில் ஒரு பங்கு கார்பனேட்டாக மாறும். கார்பனேட்டும் கால்சியமும் சந்தித்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படியும். படிந்த கால்சியத்தை ஈடிடிஏ உடனே பிடிக்காது. ஆகவே கரைசலில் மிச்சமிருக்கும் கால்சியத்துக்கு மட்டும் ஈடிடிஏ செலவாகி, நிறம் சீக்கிரமே நீலமாகிவிடும். பிறகு படிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கால்சியத்தை வெளியே விட, நீலம் மறுபடி சிவப்பாகத் திரும்பும். மூன்றாவது பிளாஸ்கின் கீழே எழுதியிருந்த 'லேசாகக் கலங்கல், அரை நிமிடத்தில் மறுபடி சிவப்பு' என்ற வரி நடந்ததை அப்படியே சொல்கிறது. எழுதும்போது அவர்களுக்கு அதன் பொருள் தெரியாது. தெரியாமலே எழுதி வைத்ததால்தான் பின்னால் இன்னொருவர் படித்துக் கண்டுபிடிக்க முடிந்தது.

அதனால்தான் இந்த டைட்ரேஷனில் பஃபர் ஊற்றிய ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்கிறார்கள். ஒரு பிளாஸ்கில் 50 மி.லி. தண்ணீர், 2 மி.லி. பஃபர், ஒரு சிட்டிகை எரியோகுரோம் பிளாக் டி இன்டிகேட்டர், உடனே டைட்ரேஷன். அது முடிந்த பிறகுதான் அடுத்த பிளாஸ்குக்குப் பஃபர். மூன்றையும் வரிசையாக வைத்து ஒரே மூச்சில் பஃபர் ஊற்றினால் வேலை வேகமாக முடியும் என்று தோன்றும், சமையலறையில் அது சரி. இங்கே கெடுத்துவிடும். இன்டிகேட்டரையும் முன்கூட்டிப் போடக் கூடாது. கார பி.எச்.சில் காற்றுப்பட நின்றால் அதன் நிறம் மங்கிக்கொண்டே போகும்.

அதே மாணவர்கள் அன்று மதியம் ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி செய்தார்கள். அதே பக்கத்தில், கீழே, புது அட்டவணை: 20.6, 20.5, 20.6. கடினத்தன்மை 411. காலையில் வந்த மூன்றாவது அளவை மட்டும் நம்பியிருந்தால் 368 என்று வந்திருக்கும். மேலே உள்ள பழைய அட்டவணையை அவர்கள் அடித்து மறைக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் 'பஃபர் முன்கூட்டி ஊற்றியது. கணக்கில் சேர்க்கவில்லை' என்று ஒரு வரி, இருவரின் முதலெழுத்து, தேதி.

"இப்ப சொல்லுங்க, மூணையும் 20.6-ன்னு எழுதியிருந்தா?" என்று டீச்சர் திரும்பக் கேட்டார். விடை ஏறக்குறைய சரியாகத்தான் இருந்திருக்கும். இங்கேதான் இந்தப் பேச்சு மற்ற பேச்சுகளிலிருந்து விலகுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. பொய் எழுதினால் விடை தப்பும் என்று அவர் சொல்லவில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை. மூன்று பிளாஸ்குக்கும் சேர்த்துப் பஃபர் ஊற்றும் பழக்கம் அப்படியே நின்றிருக்கும், அடுத்த வாரமும் அதையே செய்திருப்பார்கள், அதற்கடுத்த வாரம் முதல் பிளாஸ்கும் தாமதமாகியிருக்கும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான ஒரு அளவுகூட இருந்திருக்காது.

ஒரு மாணவி கேட்டாள்: "மூணும் ஒத்து வரலீன்னா மார்க் போயிருங்களா டீச்சர்?"

"ஒத்து வராததுக்கு நான் மார்க் கொறைக்கறதில்ல கண்ணு. தொடக்க அளவு எழுதலீன்னா கொறைப்பேன். வைட்னர் தடவியிருந்தா அந்தப் பக்கத்துல கையெழுத்தே போட மாட்டேன்."

நோட்டு பற்றி அவர் கேட்டவை அதிகமில்லை. தைத்த நோட்டு, தனித்தாள் கூடாது. பக்க எண் முதல் நாளே போட்டுவிட வேண்டும். பால்பாயின்ட் பேனா மட்டும், ஜெல் பேனா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும், பென்சில் அழிக்கத் தூண்டும். உள்ளங்கையிலோ டிஷ்யூ தாளிலோ எழுதிப் பிறகு ஏற்றுவது கூடாது. பியூரெட் அளவைப் படித்ததும், கண்ணை எடுத்த கையோடு, நோட்டில். 0.1 மி.லி. கோடு போட்ட பியூரெட்டில் இரண்டு கோட்டுக்கு நடுவே நின்றால் 0.05 என்று மதிப்பிட்டு எழுதலாம், அதற்கு மேல் நுணுக்கம் பொய். நிறத்தையும் கலங்கலையும் தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம், தடையில்லை. ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக்கொள்ளட்டும். அப்சர்வேஷன் நோட்டு அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

லேபுக்கு வருமுன் வீட்டிலேயே எழுதி வர வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அட்டவணையைக் கோடு போட்டு வைத்திருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு வரி: இன்றைய சோதனையில் ஆபத்தானது எது, அது எந்தப் பாட்டிலில் இருக்கிறது. பாதுகாப்பு பற்றிய பேச்சு இந்த வரியிலிருந்துதான் தொடங்கியது.

ஈடிடிஏ சோதனையில் அந்த வரியில் வர வேண்டியது அம்மோனியா பஃபர். பாலக்காட்டு மார்ச் வெயிலில் லேப் கொதிக்கும்போது அடர் அம்மோனியா பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் கூடிவிடும். மூடியைத் திருகியதும் முகத்தில் அடிக்கும். ஆகவே பஃபர் தயாரிப்பது மாணவர் வேலை இல்லை. குளிரவைத்த பாட்டிலை, ஃபியூம் ஹூடுக்குள், முகத்தை விலக்கி, லேப் ஊழியர்தான் திறப்பார். மாணவர்கள் கைக்கு வருவது தயாரித்த கரைசல். அதுவும் வாயால் உறிஞ்சி எடுக்கும் பொருள் இல்லை, 2 மி.லி.யை ரப்பர் பல்ப் வைத்த பிப்பெட்டில் எடுக்க வேண்டும். பல்பைப் பிப்பெட்டில் செருகும்போது பிப்பெட்டின் மேல் முனைக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும். நடுவில் பிடித்து அழுத்தினால் கண்ணாடி ஒடிந்து உள்ளங்கையில் இறங்கும்.

மின்விசிறியைப் பற்றி அவர் சொன்னது பலருக்குப் புதிது. வெயிலுக்குச் சுழலவிட்ட விசிறி அம்மோனியா ஆவியை அடுத்த மேசைக்காரர் முகத்துக்குத் தள்ளும், தராசின் எண்ணை ஆடவிடும், இன்டிகேட்டர் பொடியைப் பறக்கவிடும். பஃபர் திறந்திருக்கும்போதும் எடை போடும்போதும் விசிறி நிற்க வேண்டும்.

கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் அவர் செய்து காட்டினார், சொல்லிவிட்டு விடவில்லை. குழாயடிக்கு ஒருவரைக் கூட்டிப்போய், இமைகளை விரலால் விலக்கிப் பிடித்து, பாயும் தண்ணீரில் 15 நிமிடம். ஒரு நிமிடம் கழுவியதும் எரிச்சல் குறைந்ததுபோல் தோன்றும், அங்கே நிறுத்திவிடுவார்கள். காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் ஊடுருவும். காரத்துக்கு மாற்றாக வினிகரோ வேறு அமிலமோ ஊற்றவே கூடாது. கழுவிய பிறகு நேராக ஆஸ்பத்திரி, எந்தப் பொருள் பட்டது என்று எழுதிய சீட்டோடு. பார்வைக்குப் போடும் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருக்கும், அதைப் பாதுகாப்புக் கண்ணாடியாக எண்ணக் கூடாது.

பியூரெட் நிரப்புவதற்கு வந்தபோது அவர் மறுபடி அந்தப் பக்கத்தின் 0.2-ஐக் காட்டினார். ஸ்டாண்டில் பொருத்திய பியூரெட்டின் வாய் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கண்ணுக்கு மேலே இருக்கும். பீக்கரைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றுவார்கள். ஈடிடிஏ கரைசல் மேலே வழிந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சில வாரத்தில் அதே பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். ஸ்டாண்டைத் தரையில் இறக்கி வையுங்கள் அல்லது பியூரெட்டைக் கழற்றிக் கையில் பிடித்து மார்பு மட்டத்தில் நிரப்புங்கள். நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள். புனலை எடுப்பது அளவுக்காகவும் கண்ணுக்காகவும் ஒரே செயல்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அதற்கு அவர் தனியாக நேரம் கொடுத்தார். சோதனைக்கான தண்ணீரைப் பிள்ளைகள் வீட்டுப் போர்வெல்லிலிருந்தே கொண்டுவருகிறார்கள், மினரல் வாட்டர் பாட்டிலில். தாகத்துக்குக் கொண்டுவரும் தண்ணீரும் அதே பாட்டிலில்தான். இரண்டும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில். சாம்பிள் தண்ணீரைக் குடித்தால் இன்று ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு, நிறமில்லாத எந்தக் கரைசலையும் மிச்சம் என்று அத்தகைய பாட்டிலில் ஊற்றி வைக்கத் தோன்றும். ஆகவே குடிக்கும் பாட்டில் எல்லாம் வெளியே அலமாரியில். சாம்பிள் பாட்டில் உள்ளே வர லேபிள் கட்டாயம்: எந்தக் கிணறு, எடுத்த தேதி, நேரம், எடுத்தவர், 'குடிக்க அல்ல'. போர்வெல் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். அரைப் பாட்டிலாகத் திறந்தும் மூடியும் சில நாள் வைத்திருந்தால் கரியமில வாயு வெளியேறி, பாட்டிலின் உள்சுவரில் வெள்ளையாகப் படியும். பிளாஸ்கில் நடந்த அதே படிவுதான், இது மெதுவாக நடக்கும். டைட்ரேஷன் எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் விடை குறைந்தே வரும். லேபிளில் நேரம் இருந்தால் இதையும் பின்னால் கண்டுபிடிக்கலாம்.

இந்தப் பேச்சில் விடுபட்டதும் உண்டு. கழிவுக் கரைசலை எங்கே ஊற்றுவது என்பது வரவில்லை, தீ பற்றியும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் அடைப்பதைவிட, ஒரு சோதனையை முழுதாகப் பிரித்துக் காட்டியதுதான் நல்லது என்பது நம் கருத்து. பர்னர் வேலை தொடங்கும் வாரத்தில் தீ பற்றிப் பேசினால் போதும்.

அடுத்த வாரம் முதல் லேபில் ஒரு ஜோடி கொண்டுவந்த தண்ணீருக்கு முதல் டைட்ரேஷனிலேயே 33 மி.லி. செலவானது. அதாவது 660, அனுமதிக்கும் வரம்புக்கும் மேலே. ஒரு டைட்ரேஷன் முடியவே நேரம் இழுத்தது, கடைசியில் நீலம் நிலைக்கவில்லை. அவர்கள் நோட்டில் பஃபர் நேரம், நீலம் வந்த நேரம், திரும்பிய நேரம் மூன்றும் இருந்தன: ஏழு நிமிடம் தாண்டிவிட்டது. டீச்சர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, 25 மி.லி. சாம்பிளோடு 25 மி.லி. வாலைவடி நீர் சேர்த்துச் செய்யச் சொன்னார். கால்சியமும் கார்பனேட்டும் பாதியாக நீர்த்துப்போனால் படிவது வெகுவாகக் குறையும், டைட்ரேஷனும் பாதி நேரத்தில் முடியும். இப்போது ஒரு மி.லி. ஈடிடிஏ 20-க்குப் பதில் 40-க்குச் சமம் என்பதை அட்டவணைக்கு மேலே முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே பிப்பெட்டை எடுக்கச் சொன்னார். மூன்று அளவு வந்தது: 17.4, 17.3, 17.4. கடினத்தன்மை 695.